6.1 எப்படி 7.4-ஐக் காப்பாற்றுகிறது? இரத்தத்தின் பைகார்பனேட்டும் நுரையீரலும்

கேள்வி: "ஒரு பஃபர் நன்றாக வேலை செய்ய வேண்டும் என்றால் அதன் பிகேஏ, நாம் காக்க வேண்டிய பிஎச்சுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று வேதியியலில் படித்தேன். பைகார்பனேட்டின் பிகேஏ 6.1. இரத்தத்தின் பிஎச் 7.4. பிறகு எப்படி இதுவே இரத்தத்தின் முக்கியமான பஃபர்? 'நுரையீரல் இருப்பதால்' என்று ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நுரையீரல் அப்படி என்னதான் செய்கிறது?"

உங்கள் வேதியியல் பாடமும் சரி, ஆசிரியர் சொன்ன ஒரு வரியும் சரி. அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பிஎச் அதிகம் மாறாமல் காக்கும் கலவைதான் பஃபர்; அதன் அமிலத் தரப்பும் காரத் தரப்பும் சமமாக இருக்கும் பிஎச்தான் பிகேஏ. ஆனால் அந்தப் பாடத்தில் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. பிகேஏ அருகில் இருக்க வேண்டும் என்ற விதி, மூடிய குடுவைக்கு எழுதப்பட்டது. உள்ளே போட்டது உள்ளேயே கிடக்கும், எதுவும் வெளியே போகாது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இரத்தம் மூடிய குடுவை இல்லை. அதன் ஒரு பக்கம் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. அந்தத் திறப்புதான் நுரையீரல்.

முதலில் வினையைப் பார்த்துவிடலாம்.

```
CO2 + H2O  ⇌  H2CO3  ⇌  H+ + HCO3-

pH = 6.1 + log ( HCO3- / (0.03 × PCO2) )
```

இரண்டாவது வரி, ஹெண்டர்சன் 1908-இல் எழுதிய சமன்பாட்டை ஹாசல்பால்க் மடக்கை வடிவத்துக்கு மாற்றியது. மேலே இருப்பது பைகார்பனேட். சாதாரணமாக லிட்டருக்கு 24 மில்லிமோல். கீழே இருப்பது இரத்தத்தில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு. அதன் அழுத்தம் 40 மி.மீ. பாதரசம் என்றால், கரைந்திருக்கும் அளவு 40 × 0.03, அதாவது 1.2 மில்லிமோல். 24-ஐ 1.2 ஆல் வகுத்தால் 20. இருபதின் மடக்கை 1.3. அதைக் கூட்டினால் 7.4 வந்துவிடும்.

இந்த 20-க்கு 1 என்ற விகிதத்தைப் பார்த்தால்தான் உங்கள் சந்தேகம் எவ்வளவு நியாயமானது என்று புரியும். நல்ல பஃபரில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமமாக இருக்கும். இங்கே ஒரு பக்கம் இருபது பங்கு, மறுபக்கம் ஒரே ஒரு பங்கு. ஆய்வகத்தில் யாராவது இப்படி ஒரு பஃபர் தயாரித்துக் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சரி, இப்போது ஒரு லிட்டர் இரத்தத்தை எடுத்து அதில் 12 மில்லிமோல் வலிய அமிலத்தை ஊற்றுவோம். ஹீமோகுளோபினும் புரதங்களும்கூட கொஞ்சம் அமிலத்தைத் தாங்கும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று அவற்றை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

குடுவையை இறுக மூடிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்த 12 ஹைட்ரஜன் அயனியும் 12 பைகார்பனேட்டைப் பிடித்துக்கொள்ளும். பைகார்பனேட் 24-லிருந்து 12 ஆகக் குறையும். அந்த வினையில் 12 மில்லிமோல் கார்பன் டைஆக்சைடு புதிதாகப் பிறக்கும். ஏற்கெனவே இருந்த 1.2-உடன் சேர்ந்து 13.2. இப்போது விகிதம் 12-க்கு 13.2, பிஎச் ஏறக்குறைய 6.06. உயிர் தாங்காத எண் இது. உங்கள் பாடப்புத்தகம் எச்சரித்தபடியே பஃபர் தோற்றுவிட்டது.

அதே அமிலம், அதே இரத்தம். ஆனால் இந்த முறை மூடியைத் திறந்து வைப்போம். பிறந்த 12 மில்லிமோல் வாயுவும் மூச்சோடு வெளியே போய்விடுகிறது, அழுத்தம் பழைய 40-லேயே நிற்கிறது. பைகார்பனேட் 12, கீழே 1.2. விகிதம் பத்துக்கு ஒன்று. பிஎச் 7.1. நோயாளி மோசமாகத்தான் இருப்பார், ஆனால் இருப்பார்.

இதோடு நின்றால் நுரையீரலை வெறும் ஜன்னல் என்று சொல்லிவிடலாம். ஆனால் இரத்தம் அமிலமானதும் மூச்சு தானாகவே ஆழமாகிறது. புதிதாகப் பிறந்த வாயு போதாதென்று, ஏற்கெனவே இருந்த 1.2-லும் ஒரு பகுதியை நுரையீரல் வெளியே தள்ளுகிறது. பைகார்பனேட் 12 ஆக இருக்கும் ஒருவருக்கு அழுத்தம் வழக்கமாக 26 வரை இறங்கும். கரைந்திருப்பது 0.78. விகிதம் பதினைந்தரைக்குக் கொஞ்சம் கீழே. பிஎச் 7.29.

6.06, 7.1, 7.29. ஊற்றிய அமிலத்தின் அளவு மூன்றிலும் ஒன்றுதான். பிஎச் மாறியதற்கு ஒரே காரணம், வினையில் பிறந்த பொருளை என்ன செய்தோம் என்பது. பைகார்பனேட்டின் தனிச்சிறப்பே இதில்தான் இருக்கிறது. பாஸ்பேட் பஃபரின் பிகேஏ 6.8, காகிதத்தில் அதுதான் உயர்ந்தது. ஆனால் அமிலத்தைப் பிடித்த பாஸ்பேட் இரத்தத்திலேயே நிற்கும், சிறுநீரகம் மெதுவாக வெளியேற்றும்வரை. அமிலத்தைப் பிடித்த பைகார்பனேட்டோ வாயுவாக மாறிப் பறந்துவிடுகிறது.

எவ்வளவு வாயு என்று யோசித்தால் இன்னும் தெளிவாகும். 12 மில்லிமோல் என்பது சுமார் 270 மில்லிலிட்டர் வாயு. ஓய்வில் இருக்கும் ஒருவரின் உடல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் கார்பன் டைஆக்சைடை எப்படியும் உண்டாக்குகிறது, நுரையீரல் அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. ஆக, நாம் ஊற்றிய அந்தக் கொடூரமான அமிலம், லிட்டர் ஒன்றுக்கு நுரையீரலின் ஒன்றரை நிமிட வேலைக்குக்கூட வரவில்லை. ஒரு நாள் கணக்கில் நுரையீரல் சுமார் 15,000 மில்லிமோல் கார்பன் டைஆக்சைடை வெளியேற்றுகிறது; சிறுநீரகம் வெளியேற்றும் மற்ற அமிலங்கள் 70 மில்லிமோல் அளவுதான். (இதை வைத்துச் சிறுநீரகத்தைக் குறைவாக நினைத்துவிடாதீர்கள். அந்த 70-ஐ நுரையீரலால் தொடவே முடியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

மூச்சுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள உறவு மிக எளிது. காற்றுப்பைகளுக்கு நிமிடத்துக்குப் போய்வரும் காற்று இரு மடங்கானால் கார்பன் டைஆக்சைடின் அழுத்தம் பாதியாகும். காற்று பாதியானால் அழுத்தம் இரு மடங்காகும். மூச்சு முழுவதும் நின்றால் முதல் நிமிடத்தில் 6 மி.மீ. போல ஏறும், பிறகு நிமிடத்துக்கு 3 வீதம் ஏறிக்கொண்டே போகும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

யார் சொல்லி நுரையீரல் வேகமெடுக்கிறது? இரண்டு காவலர்கள். கழுத்தில் கரோட்டிட் தமனி பிரியும் இடத்தில் அரிசிமணி அளவில் ஒரு திசு இருக்கிறது, கரோட்டிட் உறுப்பு. இரத்தம் அமிலமானதை அது நேரடியாக முகர்ந்து சில நொடிகளில் மூளைக்குச் சொல்லிவிடும். இன்னொன்று மூளைத்தண்டின் முகுளத்தில், மூளைத் தண்டுவடத் திரவத்தைப் பார்த்தபடி இருக்கிறது. இது பலமானது, ஆனால் இதற்கு ஒரு விசித்திரம் உண்டு. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைக் கார்பன் டைஆக்சைடு சட்டென்று தாண்டும். ஹைட்ரஜன் அயனியும் பைகார்பனேட்டும் மெதுவாகத்தான் தாண்டும். அதனால் இரத்தத்தில் அமிலம் ஏறியதும் கழுத்துக் காவலர் கத்துவார், மூச்சு வேகமெடுக்கும், கார்பன் டைஆக்சைடு இறங்கும். உடனே முகுளத்துக் காவலர், "இங்கே காரம் கூடிவிட்டது, மெதுவாக" என்று கடிவாளத்தை இழுப்பார். மூளைத் திரவத்தின் பைகார்பனேட்டும் இறங்கி இருவரும் ஒத்துப்போகப் பல மணி நேரம் பிடிக்கும். மூச்சு நிமிடங்களில் ஏறத் தொடங்கினாலும் முழு அளவை எட்ட 12 முதல் 24 மணி நேரம் ஆவது இதனால்தான்.

இப்போது ஒரு நோயாளியைப் பார்ப்போம். இன்சுலின் ஊசியைச் சில நாட்கள் விட்டுவிட்ட, முதல் வகை நீரிழிவு உள்ள ஓர் இளைஞர். கொழுப்பு உடைந்து கீட்டோ அமிலங்கள் இரத்தத்தில் குவிந்திருக்கின்றன. படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மூச்சு வாங்குவதைக் கவனித்தால், ஆஸ்துமா நோயாளியைப் போல இழுப்பு இல்லை, வீசிங் சத்தம் இல்லை. ஒவ்வொரு மூச்சும் அடிவயிறு வரை போகும் ஆழமான மூச்சு, இடைவெளியே இல்லாமல், நிமிடத்துக்கு 34. நுரையீரலில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சுத்தமாக இருக்கும். அடோல்ஃப் குஸ்மால் 1874-இல் இந்த மூச்சை விவரித்ததால் இன்றும் அவர் பெயரிலேயே சொல்கிறோம். தமனி இரத்தத்தின் வாயுக்களையும் பிஎச்சையும் அளக்கும் ஏபிஜி பரிசோதனை எடுத்தால் பைகார்பனேட் 6, கார்பன் டைஆக்சைடு 17, பிஎச் 7.17.

படுக்கையருகே மடக்கை போட நேரம் இருக்காது. நாங்கள் பயன்படுத்தும் குறுக்கு வழி இது. ஹைட்ரஜன் அயனியை நானோமோலில் தரும்:

```
H+ = 24 × PCO2 / HCO3-
எதிர்பார்க்கும் PCO2 = 1.5 × HCO3- + 8  (± 2)
```

சாதாரண மனிதரில் 24 × 40 / 24, அதாவது 40 நானோமோல். நம் இளைஞருக்கு 24 × 17 / 6, அதாவது 68. இரண்டாவது வரி, இவ்வளவு பைகார்பனேட் குறைந்தால் ஆரோக்கியமான நுரையீரல் கார்பன் டைஆக்சைடின் அழுத்தத்தை எதுவரை குறைக்கும் என்பதைச் சொல்கிறது. 1.5 × 6 + 8 என்றால் 17. அவருடைய எண்ணும் 17. நுரையீரல் தன்னால் முடிந்ததை முழுதாகச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆகவே இந்த இளைஞரின் ஏபிஜி தாளில் கார்பன் டைஆக்சைடு 40 என்று வந்தால் ஆய்வகம் அதை இயல்பு என்றே அச்சிடும். ஆனால் அவருக்கு 40 என்பது அபாயச் சங்கு. 17-இல் இருக்க வேண்டியவர் 40-இல் இருக்கிறார் என்றால் மூச்சுத் தசைகள் களைத்துவிட்டன, அல்லது நிமோனியா போல நுரையீரலிலேயே வேறு கோளாறு இருக்கிறது, அல்லது யாரோ தூக்க மருந்து கொடுத்துவிட்டார்கள். பிஎச்சைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 24 × 40 / 6, அதாவது 160 நானோமோல். பிஎச் 6.8.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் அல்ல. ஐசியூவில் புதிதாகச் சேர்ந்திருந்த காலம். இதே போன்ற நோயாளி, விடியற்காலை மூன்று மணி. மயக்கம் கூடிக்கொண்டே வந்தது. வாந்தி எடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயத்தில் மூச்சுக்குழாயில் டியூப் போட முடிவு செய்தோம். தசையைத் தளர்த்தும் மருந்து போனதும் அவருடைய மூச்சு நின்றது. டியூப் போட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. ஆக்சிஜன் அளவு நூறிலேயே நின்றது. எல்லாம் சுமுகம் என்று நினைத்தேன். வென்டிலேட்டரில் எப்போதும் வைப்பதைப் போலவே வைத்தேன்: நிமிடத்துக்கு 14 மூச்சு, ஒவ்வொன்றும் 450 மில்லிலிட்டர். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இசிஜி அலைகள் அகலமாக விரிந்தன, இதயத் துடிப்பு இறங்க ஆரம்பித்தது. ஏபிஜியில் கார்பன் டைஆக்சைடு 38, பிஎச் 6.82.

நடந்தது என்ன என்று பெருக்கிப் பார்த்தாலே தெரியும். டியூப் போடும் முன் அவர் தானாக மூச்சு விட்டது நிமிடத்துக்கு 34 முறை, ஒவ்வொன்றும் முக்கால் லிட்டர் வீதம், ஏறக்குறைய 25 லிட்டர். நான் மெஷினில் வைத்தது 6.3 லிட்டர். டியூப் போட்ட அந்த இரண்டு நிமிட மூச்சு நிறுத்தத்திலேயே அழுத்தம் 25-ஐத் தாண்டியிருக்கும், பிஎச் 7-க்கு வந்திருக்கும். மீதியை என் எண்கள் பார்த்துக்கொண்டன. அமிலம் ஒரு துளி கூடவில்லை. திறந்திருந்த மூடியை நான் பாதிக்கு மேல் மூடிவிட்டேன். ஓடிவந்த மூத்த மருத்துவர் ஒரு வார்த்தை பேசாமல் எண்ணிக்கையை 32-க்குத் திருப்பினார், மூச்சளவைக் கூட்டினார், ஒவ்வொரு மூச்சும் முழுதாக வெளியேறுகிறதா என்று திரையில் பார்த்தார். துடிப்பு திரும்பியது. நோயாளி பிழைத்தார். அதன் பிறகு இப்படிப்பட்டவர்களுக்கு டியூப் போடுவதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்கிறேன். போட்டே ஆக வேண்டும் என்றால் அவர் அதுவரை விட்ட மூச்சின் எண்ணையும் ஆழத்தையும் முதலில் குறித்துக்கொள்கிறேன்.

அந்த நேரத்தில் சோடியம் பைகார்பனேட்டை ஏற்றினால் என்ன என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஏற்றிய பைகார்பனேட் அமிலத்தைப் பிடித்தால் என்னவாகும்? மறுபடியும் கார்பன் டைஆக்சைடு. அதை வெளியேற்ற மூச்சு இல்லாவிட்டால் மூடிய குடுவைக்குள் இன்னும் கொஞ்சம் வாயுவை அடைத்தது போலத்தான்.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. நுரையீரல் தோற்று, கார்பன் டைஆக்சைடே பிரச்சினையாகும்போது என்ன நடக்கும்? 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது பிளெக்டம் மருத்துவமனையில் நடந்தது இதுதான். மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளிகளின் இரத்தத்தில் மொத்தக் கார்பன் டைஆக்சைடு, அதாவது பெரும்பாலும் பைகார்பனேட், மிக அதிகமாக இருந்தது. பைகார்பனேட் அதிகம் என்றால் இரத்தத்தில் காரம் கூடியிருக்கிறது, ஏதோ புரியாத கோளாறு என்று எடுத்துக்கொண்டார்கள். சமன்பாட்டின் மேல்பாதியை மட்டும் பார்த்ததன் விளைவு. மயக்கவியல் நிபுணர் ப்யோர்ன் இப்சன் கீழ்ப்பாதியைப் பார்த்தார்: மூச்சு போதாமல் வாயு தேங்குகிறது, பைகார்பனேட் அதன் நிழல்தான், இரத்தம் உண்மையில் அமிலமாக இருக்கிறது. முதல் சில வாரங்களில் ரெஸ்பிரேட்டரில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்திருந்தார்கள். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, கையால் பையை அமுக்கிக் காற்றடித்துக் காட்டினார். தேங்கிய வாயு வெளியேறியது, சிறுமி மீண்டாள். அப்புறம் மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பை அமுக்கினார்கள். தமனி இரத்தத்தின் பிஎச்சை நேரடியாக அளக்கும் பழக்கம் அங்கே வேகம் பிடித்தது.

இந்தக் கதையில் பைகார்பனேட் பஃபரின் பலவீனமும் தெரிகிறது. அது மற்ற எல்லா அமிலங்களையும் தாங்கும், கார்பன் டைஆக்சைடிலிருந்து பிறக்கும் கார்பானிக் அமிலத்தைத் தவிர. தன் வினையிலேயே விளையும் பொருளைத் தானே பிடிக்க முடியாது. தேங்கும் வாயு உண்டாக்கும் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடிப்பது பெரும்பாலும் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். முதல் கணக்கில் நான் ஒதுக்கி வைத்தேனே, அதே ஹீமோகுளோபின். திசுக்களிலிருந்து நுரையீரல் வரை கார்பன் டைஆக்சைடைப் பத்திரமாகச் சுமந்துவருவதும் அதன் தயவில்தான். சிவப்பணுவில் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இல்லாவிட்டால் இந்த முழு ஏற்பாடும் நடக்காது; நுரையீரல் நுண்குழாயில் இரத்தம் இருப்பது முக்கால் நொடி, நொதி இல்லாமல் பைகார்பனேட் வாயுவாக மாற அது போதவே போதாது.

நுரையீரலுக்கு எல்லையும் உண்டு. அழுத்தத்தை 10 மி.மீ.க்குக் கீழே இறக்குவது நடைமுறையில் முடியாது. அதற்குமேல் மூச்சு விடத் தசைகள் செய்யும் வேலையே புதிதாக வாயுவை உண்டாக்கும். முன்பே சொன்ன அந்த 70 மில்லிமோல் விஷயமும் இதுதான்: சல்பூரிக், பாஸ்பாரிக் போன்ற அமிலங்கள் வாயுவாக மாறாதவை. அவற்றைப் பிடிக்க ஒரு பைகார்பனேட் செலவானால், ஆழ்ந்த மூச்சு பிஎச்சைச் சரிக்கட்டுமே ஒழிய, செலவான பைகார்பனேட்டைத் திருப்பித் தராது. அதைப் புதிதாக உண்டாக்குவது சிறுநீரகம், அதற்கு நாட்கணக்கில் ஆகும். நம் இளைஞரைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்: இன்சுலின் கொடுத்ததும் இரத்தத்தில் மீதியிருக்கும் கீட்டோ அமிலங்களையே உடல் எரித்துப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும்.

கடைசியாக ஒன்று. சிகிச்சை தொடங்கிய பிறகு, இரத்தத்தில் பைகார்பனேட் நன்றாக ஏறியும் நோயாளி இன்னும் ஆழமாகவே மூச்சு விட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். உறவினர்கள் பதறுவார்கள். முகுளத்துக் காவலர் பார்ப்பது மூளைத் திரவத்தை. அங்கே பைகார்பனேட் இன்னும் குறைவு. இரத்தம் சொல்லும் நல்ல செய்தி அந்தத் தடுப்பைத் தாண்டிப் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகலாம். அதுவரை மூச்சு நேற்றைய கணக்கில்தான் ஓடும். ஏபிஜியில் பிஎச் 7.45-ஐத் தாண்டியிருந்தாலும் அவசரப்பட்டு எதுவும் செய்ய வேண்டியதில்லை.